விசா அபராதம் கேட்டு வந்த அழைப்பு: கதையில் அவள் சோதிக்கும் முறை சரியா?

வளவன், 3 அக்டோபர் 2025, மாலை 6.10

புதிதாக வரும் மாணவர்களுக்காக எங்கள் சங்கம் அச்சிடும் கையேட்டில் ஒரு சிறுகதை சேர்க்கிறார்கள். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிரிட்டனில் மாணவர் விசாவில் படிக்கும் ஒருத்தியை, உள்துறை அமைச்சக அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்து அபராதம் கட்டச் சொல்கிறார். ஏமாந்து பணம் இழந்தவர்களின் கதைகள் நிறையவே உள்ளன என்பதால், இவள் முதலில் சோதித்துப் பார்ப்பவளாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவள் செய்யும் சோதனை நடைமுறையில் நிற்குமா, அல்லது கதையின் வசதிக்காக நான் வளைத்துவிட்டேனா என்பதே கேள்வி. முதல் பகுதி இது.

*வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, விடுதியின் பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மதிவதனியின் கைப்பேசி ஒலித்தது. 020 என்று தொடங்கும் லண்டன் எண். பேசியவரின் குரலில் அவசரமே இல்லை. அவளுடைய முழுப்பெயர், பாடப்பிரிவு, கடவுச்சீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றை வரிசையாகப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டார். சரி என்றாள். "பாடவேளைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் விசா நிபந்தனை மீறப்பட்டுள்ளது" என்றார்.*

*திரையில் ஒட்டியிருந்த சோப்பு நுரையை அவள் கட்டைவிரலால் துடைத்தாள். போன மாதம் உடன் வேலை செய்பவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுடைய முறையையும் சேர்த்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த வாரம் இருபத்திரண்டரை மணி நேரம். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.*

*அபராதம் 1,850 பவுண்டு. ஏழு மணிக்குள் கட்டினால் கோப்பு மூடப்படும். கட்டாவிட்டால் இன்று இரவே அதிகாரிகள் விடுதிக்கு வருவார்கள். இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, ஏனென்றால் இது பதிவு செய்யப்படும் விசாரணை. "சந்தேகம் இருந்தால் இந்த எண்ணை அரசின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். தேடினாள். எண் இருந்தது. அதே நேரத்தில் பிரிட்டனின் விசாப் பிரிவான UKVI என்ற பெயரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. விசாவுக்கு விண்ணப்பித்த காலத்தில் வந்த பழைய செய்திகளுக்கு அடியிலேயே அது போய் உட்கார்ந்தது.*

வளவன், 3 அக்டோபர், மாலை 6.38

இரண்டாம் பகுதி.

*"எந்த வாரம்?" என்று கேட்டாள்.*

*ஒரு கணம் பதில் இல்லை. "அந்த விவரம் கோப்பில் இருக்கிறது. பணம் கட்டிய பிறகுதான் கோப்பு திறக்கும்."*

*"எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். உடனே அதே எண் மறுபடியும் அழைத்தது. பிறகு வேறொரு எண். கைப்பேசியை ஒலியடக்கி, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். குறுஞ்செய்தியில் இருந்த இணைப்பைத் தொடவில்லை. gov.uk என்று தானே தட்டித் தன் மின்விசாக் கணக்குக்குள் நுழைந்தாள். விசா செல்லும் என்றும், அடுத்த ஆண்டு முடியும் என்றும் பக்கம் காட்டியது. பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் ஐந்து மணிக்கே மூடியிருந்தது. "மாணவர் மீது குடிவரவுத் துறை தொலைபேசியில் அபராதம் விதிக்குமா?" என்று ஒரே வரியில் மாணவர் ஒன்றியத்தின் ஆலோசனை மையத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். தன் பெயரைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. பிறகு எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்து, மோசடிப் புகார் மையத்தில் பதிவு செய்தாள்.*

*ஏழு மணி ஆனது. யாரும் வரவில்லை. திங்கட்கிழமை காலை மையத்திலிருந்து பதில் வந்தது: அப்படி ஒரு நடைமுறை இல்லை.*

கதை நடப்பது எடின்பரோவில். அழைத்தவர் யார் என்று அவள் ஆராயவில்லை. அவர் சொன்ன நடைமுறை உண்டா என்று மட்டுமே விசாரிக்கிறாள். கதையில் நான் சொல்ல வருவது அதுதான்.

இளவேனில், 3 அக்டோபர், இரவு 10.20

கதையாகப் பார்த்தால், முக்கால்வாசி நேரம் அவள் மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள். ஏழு மணி ஆகும் வரை அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அதை இரண்டு சொற்களில் தாண்டிவிட்டீர்கள். அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் கதை. மற்றதெல்லாம் அறிவிப்புப் பலகை.

இன்னொரு கேள்வி: கடவுச்சீட்டு எண்ணும் பாடப்பிரிவும் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தன? அதற்குக் கதையில் விடை இல்லை. வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

கார்முகில், 4 அக்டோபர், காலை 8.05

தேவையில்லாமல் சுற்றி வளைத்திருக்கிறீர்கள். உள்துறை யாரையும் தொலைபேசியில் அழைப்பதே இல்லை. அதனால் அழைப்பு வந்தாலே மோசடிதான். எனக்கு வந்த அழைப்பில், காவல் நிலையத்தில் பதிவு செய்யவில்லை, அதற்கு அபராதம் என்றார்கள். எண்ணை அரசுத் தளத்தில் தேடினேன், அங்கே இல்லை, வைத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. உங்கள் கதையில் எண் தளத்தில் இருப்பதாக எழுதியிருப்பது வாசகரை வீணாகக் குழப்பும்.

வளவன், 4 அக்டோபர், காலை 9.30

அந்தக் குழப்பத்தை வேண்டுமென்றேதான் வைத்தேன். திரையில் தெரியும் எண்ணை அழைப்பவரே விரும்பியபடி போட்டுக்கொள்ள முடியும். உங்களை அழைத்தவர் அதற்கு மெனக்கெடவில்லை. மெனக்கெட்டிருந்தால் உங்கள் இரண்டு நிமிடச் சோதனை "சரி" என்று சொல்லியிருக்கும். குறுஞ்செய்தியும் அப்படியே: அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால் கைப்பேசி பழையதையும் புதியதையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். அனுப்பியது யார் என்று அதற்குத் தெரியாது.

இளவேனில், கடவுச்சீட்டு விவரத்துக்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் இணையத்தில் வாடகை அறை தேடியபோது, முன்பதிவுக்கு என்று யாரோ கேட்டதால் கடவுச்சீட்டின் நகலையும் சேர்க்கைக் கடிதத்தையும் அனுப்பியிருப்பாள். அந்த அறையே இல்லை என்று பிறகு தெரிந்திருக்கும். ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

பொற்கொடி, 4 அக்டோபர், பிற்பகல் 2.45

பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவில் இத்தகைய மாணவர்களுடன் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியவள் என்பதால் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில் கார்முகிலுக்கு. உள்துறை அழைப்பதே இல்லை என்பது பாதி உண்மை. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது விவரம் கேட்டு அழைப்பதும், நேர்காணல் நடத்துவதும் உண்டு. "அழைக்கவே மாட்டார்கள்" என்று கையேட்டில் எழுதினால், உண்மையான நேர்காணல் அழைப்பை ஒரு மாணவர் துண்டித்துவிட்டு விண்ணப்பம் மறுக்கப்பட்டு நிற்பார். அவர்கள் தொலைபேசியில் பணம் வாங்குவதில்லை என்பதே சரியான எல்லை. காவல் நிலையப் பதிவு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும்: சில நாட்டினருக்கு மட்டும் இருந்த அந்த விதி 2022 ஆகஸ்டில் முற்றிலும் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பிறகும் அதே காரணத்தைச் சொல்லி அழைத்தார்கள். நீங்கள் எண்ணைச் சோதித்ததற்குப் பதிலாக அந்த விதி இன்னும் இருக்கிறதா என்று பார்த்திருந்தால், எந்த எண்ணிலிருந்து வந்திருந்தாலும் பிடிபட்டிருக்கும். அந்த வகையில் வளவனின் கதை சரியான இடத்தைத் தொடுகிறது.

இனி வளவனுக்கு. மையத்திலிருந்து வரும் பதில் இவ்வளவு குறுகியதாக இருக்காது, இருக்கவும் கூடாது. கூடுதல் மணி நேரம் வேலை செய்தால், அந்த மாணவரின் விசாவை ரத்து செய்யவோ காலத்தைக் குறைக்கவோ உள்துறைக்கு அதிகாரம் உண்டு. அதை எழுத்தில் தெரிவிப்பார்கள்; என்ன விதி, எந்த மீறல், என்ன தேதி என்று அதில் இருக்கும். நிறுவனங்களுக்கு விதிக்கப்படும் தண்டத்தொகை வேறு: அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு, 2024 பிப்ரவரி முதல், ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுண்டு வரையும், மீண்டும் பிடிபட்டால் 60,000 வரையும் போகும். மாணவரிடம் இப்படி வசூலிக்கும் ஏற்பாடு கிடையாது. ஆனால் "மாணவருக்கு அபராதமே கிடையாது" என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 2016ல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, விதியை மீறி வேலை செய்வது குற்றம். வழக்கு நடந்து தீர்ப்பு வந்தால் நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் வரும், ஏழு மணிக்கு முன் அல்ல. ஆகவே அவள் கேட்ட கேள்வியில் "தொலைபேசியில்" என்ற சொல் இருப்பது நல்லது. அதை எடுத்துவிடாதீர்கள்.

மின்விசாப் பக்கம் "செல்லும்" என்று காட்டுவதை முழுச் சான்றாக எழுதாதீர்கள். இப்போது விசா உயிருடன் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். விசாரணை எதுவும் நடக்கிறதா என்பதை அந்தப் பக்கம் காட்டாது.

எடின்பரோ என்றால் ஒரு பிழை. நீங்கள் எழுதிய மோசடிப் புகார் மையம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கானது. ஸ்காட்லாந்தில் 101ல் காவல் துறையிடமே சொல்ல வேண்டும்.

வளவன், 4 அக்டோபர், பிற்பகல் 3.20

101 என்று மாற்றிவிட்டேன். மின்விசா வரியையும் தளர்த்துகிறேன்: பக்கம் பச்சையாகத்தான் இருந்தது, ஆனாலும் அவளுக்கு நிம்மதி வரவில்லை என்று. இளவேனில் கேட்ட ஒன்றேகால் மணி நேரத்துக்கு இது கதவு திறக்கிறது.

செல்வராணி, 5 அக்டோபர், காலை 7.15

தம்பி, நல்ல வேளையாக இதைப் படித்தேன். என் மகன் இங்கிலாந்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கு 59.40 பவுண்டு அபராதம் என்று தபாலில் கடிதம் வந்திருக்கிறது. மருந்துக் கடையில் ஏதோ படிவத்தில் தவறாகக் குறியிட்டானாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாணவருக்கு அபராதமே கிடையாது போலிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். சரிதானே?

பொற்கொடி, 5 அக்டோபர், காலை 7.40

செல்வராணி அம்மா, கிழிப்பதற்கு முன் மகனை நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே பேசுவது விசா தொடர்பான அழைப்பு. உங்கள் மகனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் உண்மையான தேசியச் சுகாதாரச் சேவைக் கடிதம். இங்கிலாந்தில் முழுநேர மாணவர்களுக்கு மருந்துச்சீட்டு இலவசம் என்பது 18 வயது வரைதான். இருபது வயதுப் பையன்கள் படிவத்தில் அதற்கான கட்டத்தில் தயங்காமல் குறியிட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு மருந்துக்குக் கட்டணம் 9.90, தண்டம் அதன் ஐந்து மடங்கு, அதாவது 49.50, இரண்டையும் கூட்டினால் நீங்கள் சொன்ன தொகை வருகிறது. 28 நாட்களுக்குள் கவனிக்காவிட்டால் மேலும் 50 பவுண்டு வரை ஏறும். இதனால் விசாவுக்கு உடனே எதுவும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம்.

ஆனால் கடிதம் என்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்காமல், சுகாதாரச் சேவையின் தளத்துக்குத் தானே போய், அங்கிருக்கும் எண்ணில் கடிதத்தின் குறிப்பெண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். அந்த மருந்தை அந்தத் தேதியில் வாங்கினானா என்பது அவனுக்கே தெரிந்திருக்கும்.

வளவன், 5 அக்டோபர், காலை 10.10

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. உண்மையான கடிதத்தில் எந்த மருந்து, எந்தத் தேதி, என்ன கணக்கு என்று இருக்கிறது. அதை மறுப்பதற்கும் இடம் இருக்கிறது. மதிவதனியை அழைத்தவரால் "எந்த வாரம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கதையின் திருப்பமாக நான் நினைத்தது அவள் இணைப்பைத் துண்டிக்கும் இடம். இப்போது அந்தக் கேள்விதான் திருப்பம் என்று தோன்றுகிறது.

ஆயினும் ஒரு சந்தேகம். திறமையான மோசடிக்காரர் ஏதாவது ஒரு வாரத்தைச் சொல்லிவிட்டால்?

ஆதிரன், 5 அக்டோபர், இரவு 9.50

அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவனாக இருப்பவன் எழுதுகிறேன். இங்கே இது பழைய வியாபாரம். 2016 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை, அகமதாபாத்தின் அழைப்பு மையங்களோடு தொடர்புடையவர்கள் மீது ஒரு பெரிய வழக்கைப் பதிவு செய்தது. அந்த மையங்களிலிருந்து பேசியவர்கள் வருமான வரி அதிகாரிகளாகவும் குடிவரவு அதிகாரிகளாகவும் நடித்து, கைது, நாடு கடத்தல் என்று மிரட்டிப் பணம் பிடுங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவில் பிடிபட்ட பலர் 2018ல் தண்டிக்கப்பட்டார்கள். அதிகபட்சம் 20 ஆண்டு. அதன் பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை.

உங்கள் கடைசிச் சந்தேகத்துக்கு: ஏதோ ஒரு வாரத்தைச் சொன்னாலும் சொல்லட்டும். இங்கே மாணவர் விசாவின் பதிவைக் கையாள்வது பல்கலைக்கழகத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. அழைத்தவரிடம் "என் பல்கலைக்கழக அதிகாரியிடம் பேசிவிட்டு வருகிறேன்" என்று நான் சொன்னேன். "அவரிடம் சொன்னால் நீங்கள் சாட்சியைக் கலைத்ததாக ஆகும்" என்று பதில் வந்தது. எனக்கு உதவக்கூடிய ஒரே ஆளிடம் பேசாதே என்று ஓர் அரசு அதிகாரி ஏன் சொல்ல வேண்டும்? அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட வார்த்தையில் இறங்கினார். அரசு ஊழியர்கள் நம்மிடம் எரிந்து விழுவது புதிதல்ல என்பதால் அதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வளவன், 6 அக்டோபர், காலை 6.55

"யாரிடமும் சொல்லாதே" என்ற வரியைக் கதையில் எழுதாமல் விட்டிருக்கிறேன், சேர்க்கிறேன். ஆனால் நேற்றிரவு முழுக்க என்னை உறுத்தியது வேறு. அவள் உண்மையிலேயே இருபத்திரண்டரை மணி நேரம் வேலை செய்திருக்கிறாள். அழைப்பு பொய், குற்றச்சாட்டு தற்செயலாக மெய். அதனால்தான் அவளுக்கு மார்பு அடைத்தது. இருபது மணி விதியை அச்சுக் குலையாமல் கடைப்பிடித்தவரை இந்த ஆளால் இவ்வளவு எளிதில் மடக்க முடியாது. ஒரு முறையாவது வேலை நேரம் கூடிப்போகாத மாணவர் எத்தனை பேர்? எல்லாரிடமும் ஒரே வரியை வீசினால் யாரிடமாவது அது பட்டே தீரும்.

கேள்வி இதுதான்: திங்கட்கிழமை அவள் அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

கார்முகில், 6 அக்டோபர், காலை 8.30

சொல்லக் கூடாது. மோசடியிலிருந்து தப்பியவள் தானே போய்த் தலையைக் கொடுப்பதா? ஒரு மாதத்தின் சராசரியைப் பார்த்தால் வாரத்துக்கு 20 தாண்டியிருக்காது. அதோடு முடிந்தது.

பொற்கொடி, 6 அக்டோபர், மாலை 5.30

சராசரி செல்லாது. விதி ஒவ்வொரு வாரத்தையும் தனியாகப் பார்க்கிறது. வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. ஒரு வாரம் பத்து மணி நேரமும் அடுத்த வாரம் முப்பதும் என்றால் அந்த இரண்டாவது வாரம் மீறல்தான். சம்பளச் சீட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பலர் இதில் இடறுகிறார்கள்.

யாரிடம் சொல்வது என்பது நுட்பமான இடம், அதனால் வளவன் கவனமாக எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் விசா விதிகளைக் கண்காணிக்கும் பிரிவு வேறு, மாணவர் ஒன்றியத்தின் ஆலோசனை மையம் வேறு. முதலாவது, விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் கை. சில நிகழ்வுகளைப் பத்து வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்கும் கடமை அதற்கு உண்டு. இரண்டாவது, பெரும்பாலான இடங்களில் நிர்வாகத்துக்கு வெளியே இயங்குவது. மனத்தில் பாரத்தோடு இருப்பவர் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று அறிந்தே தட்ட வேண்டும். கதையில் அவள் பெயரைத் தவிர எதையும் சொல்லாமல் பொதுக் கேள்வியாகக் கேட்டது அதனாலேயே எனக்குப் பிடித்தது. மோசடியா என்று தெரிந்துகொள்ள அவள் தன் கதையைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

அந்த இரண்டரை மணி நேரத்துக்கு நான் இங்கே ஆலோசனை சொல்ல மாட்டேன். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை gov.uk தளத்தில் பார்க்கலாம்.

கார்முகில், 6 அக்டோபர், மாலை 6.15

வாரக் கணக்கை ஏற்கிறேன். சொல்லக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

இளவேனில், 7 அக்டோபர், பிற்பகல் 1.00

எனக்கு இப்போதுதான் கதை தெரிகிறது. அவள் பயப்படுவது அழைத்தவனைக் கண்டு அல்ல; தன் கணக்கைக் கண்டு. அதனால் சோதிப்பதற்கே அவளுக்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது: சோதித்தால் உண்மை என்று தெரிந்துவிட்டால்? பணத்தைக் கொடுத்துவிட்டால் தெரியாமலேயே முடிந்துவிடும் அல்லவா. பலர் கொடுப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கும். இதை ஒரு பத்தியில் எழுதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் வாசகரில் ஒருத்தி ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால்? அவளுக்குக் கையேடு என்ன சொல்லும்?

பொற்கொடி, 7 அக்டோபர், இரவு 8.20

எப்படிக் கட்டினாள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு பிரிட்டன் கணக்குக்கு உடனடிப் பரிமாற்றம் செய்திருந்தால், 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். பெரும்பாலும் ஐந்து வேலை நாட்களில் வந்துவிடும். விசாரணை தேவைப்பட்டால் நீளும். நூறு பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம், எச்சரிக்கையை அப்பட்டமாக அலட்சியம் செய்தவர்களுக்கு மறுக்கவும் இடமுண்டு. உடனே 159ஐ அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் உண்மையான பிரிவுக்கே இணைப்பு போகும். அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வராது என்பதும் ஒரு வசதி.

ஆனால் பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைப் படித்துச் சொல்லியிருந்தாலோ, வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பியிருந்தாலோ, ரொக்கமாகக் கொடுத்திருந்தாலோ, இந்த விதி காப்பாற்றாது. மகளின் அழுகையைக் கேட்டுப் பெற்றோர் ஊரிலிருந்து நேரடியாக அனுப்பும் பணமும் இதற்குள் வராது. அப்படித் திரும்பி வராமல் போனவற்றைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

வளவன், 9 அக்டோபர், இரவு 11.15

மாற்றி எழுதிய பத்தி.

*பக்கம் பச்சை நிறத்தில் "செல்லும்" என்றது. அவளுக்கு மூச்சு இறங்கவில்லை. இன்று செல்லும், நாளைக்கு? வங்கிச் செயலியைத் திறந்தாள். 1,850 கழிந்தால் அடுத்த மாத வாடகைக்குப் போதாது, ஆனால் இந்த வயிற்றுக் கலக்கம் நின்றுவிடும். யாரிடமும் கேட்க வேண்டாம், இருபத்திரண்டரை என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அந்த மனிதர் கேட்டதும் அதைத்தான்: யாரிடமும் சொல்லாதே. தான் ஒளிக்க நினைப்பதையே அவரும் ஏன் ஒளிக்கச் சொல்கிறார்? செயலியை மூடினாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்கக்கூடிய கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தாள்.*

இதன் பின் மின்னஞ்சல். ஏழு மணிக்குத் தாழ்வாரத்தில் காலடி கேட்கிறது; அடுத்த அறைக்காரர் துணி துவைத்துவிட்டு வருகிறார். ஆலோசனை மையத்தின் பதிலையும் பொற்கொடி சொன்னபடி நீட்டிவிட்டேன்: அழைப்பு மோசடி, வேலை நேரம் குறித்துக் கேள்வி இருந்தால் நேரம் ஒதுக்கித் தருகிறோம், பேசுவது எங்களோடு இருக்கும். அந்த நேரத்தை அவள் வாங்கினாளா என்று எழுதவில்லை.

இளவேனில், 10 அக்டோபர், காலை 9.05

துணி துவைப்பவர் கொஞ்சம் பழைய உத்தி. பத்தி நன்றாக இருக்கிறது.

செல்வராணி, 10 அக்டோபர், காலை 11.30

மகன் தளத்தில் எண் எடுத்து விசாரித்துவிட்டான். உண்மையான கடிதம்தான், கட்டிவிட்டான். கிழித்ததை ஒட்டித்தான் குறிப்பெண்ணைப் படிக்க வேண்டியதாயிற்று. ஒரு கேள்வி தம்பி: உங்கள் கதையில் அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொல்லவே இல்லையே, ஏன்?

வளவன், 10 அக்டோபர், பிற்பகல் 12.10

சொல்லியிருந்தால் அம்மா உடனே பணம் அனுப்பியிருப்பார், அது வங்கி விதிக்குள்ளும் வராது என்று எழுத வந்தேன்; ஆனால் நீங்கள் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னவர் என்பதால் அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியவில்லை. பெற்றோருக்கென்று கையேட்டில் தனியாக அரைப் பக்கம் கேட்டிருக்கிறேன். கட்டுவதற்கு முன் பிள்ளையை வேறு எண்ணில், வேறு வழியில் பிடித்துப் பேசுவது பற்றி அதில் வரும். அச்சகத்துக்குக் கொடுக்க வியாழன் வரை நேரமிருக்கிறது. வங்கி விதி குறித்த பத்தியைப் பொற்கொடி ஒருமுறை பார்த்துத் தந்தால் போதும்.